வைஃபை மெதுவாக இருந்தால் குறை ரவுட்டரிலா, லைனிலா?

நெட் மெதுவாக இருக்கிறது என்று கனெக்‌ஷன் கொடுத்தவருக்கு போன் போட்டால் முதலில் "பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். அப்படியும் சரியாகவில்லை என்றால் "எங்க சைடுல கரெக்டா வருது, உங்க வீட்டு வைஃபைதான் பிரச்சினை" என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் கையில் எந்த அளவும் இல்லாததால் அவர் சொன்னதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வைஃபையில் ஒரு ஸ்பீடு டெஸ்ட் போட்டு 12 என்று காட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் அந்த 12 வரும் வழியில் லைனும் இருக்கிறது, ரவுட்டரும் இருக்கிறது, நடுவில் இருக்கும் சுவரும் உங்கள் போனும் இருக்கின்றன. இவற்றில் எது குறைத்தது என்று அந்த ஒரு எண் சொல்லாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி இன்னொரு முறை அளந்தால்தான், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

மாற்ற வேண்டிய முதல் விஷயம் வைஃபையையே எடுத்துவிடுவது. ஒரு லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரின் பின்பக்கம் LAN என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து லேன் வயரை நேராக லேப்டாப்பில் செருகி டெஸ்ட் போடுங்கள். அதில் வருவது லைன் கொடுக்கும் வேகம். அதே நேரத்தில், அதே லேப்டாப்பில், வயரை உருவிவிட்டு ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வைஃபையில் ஒரு டெஸ்ட். அப்புறம் வழக்கமாக மெதுவாக இருக்கும் அறைக்குப் போய் இன்னொரு டெஸ்ட். இப்படி மூன்று இடம், இடத்துக்கு இரண்டு மூன்று தடவை, அதில் நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். இதையே காலையில் ஒரு முறை, ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஒரு முறை செய்ய வேண்டும். ஏன் இரண்டு வேளை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டெஸ்ட் போடும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் நெட்டை இழுக்கக் கூடாது. டிவியில் ஓடும் படம் மட்டுமல்ல, சத்தமில்லாமல் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் போன்கள், கிளவுடில் சேமிக்கும் சிசிடிவி கேமரா எல்லாம் இதில் சேரும். மேலே ஏறும் பாதை நிரம்பினால் கீழே இறங்கும் வேகமும் அடிவாங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, பாக்ஸை அணைத்துப் போடுவதற்கு முன்னாலேயே அளந்துவிடுங்கள். மெதுவாக இருக்கும்போதே அளந்தால்தான் காரணம் தெரியும். அணைத்துப் போட்ட பிறகு கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், ஆதாரமும் போய்விடும்.

எண்களைப் படிப்பதில் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பிளானில் 100 எம்பிபிஎஸ் என்று எழுதியிருப்பது விநாடிக்கு 100 மெகாபிட். ஒரு ஃபைலை டவுன்லோடு செய்யும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட், அது எட்டு பங்கு பெரியது. அதனால் 100 எம்பிபிஎஸ் லைனில் ஃபைல் விநாடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் லைன் முழுசாகவே வருகிறது என்று அர்த்தம், அதற்காகப் புகார் செய்ய வேண்டியதில்லை.

இனி ஒரு வீட்டை வைத்தே பார்ப்போம். பழைய வண்ணாரப்பேட்டையில் என் அத்தை வீடு. அந்தப் பக்கத்துத் தெருக்களில் பார்த்திருப்பீர்கள், அகலம் கம்மியாக, ரயில் பெட்டி மாதிரி உள்ளே நீண்டு போகும் வீடு, இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். வாசல் கதவுக்கு மேலே, ஈபி மீட்டருக்குப் பக்கத்தில் ஃபைபர் பாக்ஸை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள், ஏனென்றால் கம்பத்திலிருந்து வரும் வயருக்கு அதுதான் கிட்டம். பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு ராத்திரி ஆன்லைன் டியூஷன், அவள் உட்காருவது கடைசி அறையில். நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. 100 எம்பிபிஎஸ் பிளான். வகுப்பு திக்கித் திக்கி ஓடுகிறது, டீச்சர் முகம் உறைந்து நிற்கிறது என்பதுதான் புகார்.

காலை ஏழு மணிக்கு அளந்தோம். வயரில் 94. பாக்ஸ் பக்கத்தில் வைஃபையில் 91. கடைசி அறையில் 11.

வயரில் 94 என்பது 100 பிளானுக்கு முழு வேகம்தான். கொஞ்சம் எப்போதும் டேட்டாவோடு சேர்ந்து போகும் முகவரி மாதிரியான கூடுதல் தகவலுக்கே போய்விடும். ஆகவே காலை நேரத்தில் லைனில் எந்தக் குறையும் இல்லை. பக்கத்தில் 91 வருவதால் பாக்ஸின் வைஃபையும் கெட்டுப்போகவில்லை. 91 எப்படி 11 ஆனது என்றால் அது தூரமும் சுவரும் பீரோவும் செய்த வேலை. இதற்குக் கம்பெனியைத் திட்டினால் நியாயமில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு அதே மூன்று இடம். வயரில் 27. பாக்ஸ் பக்கத்தில் 26. கடைசி அறையில் 9.

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். வயரிலும் பக்கத்து வைஃபையிலும் எண் ஒன்றாகவே விழுந்திருக்கிறது, அப்படியென்றால் இந்தச் சரிவுக்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை, லைனே குறைந்துவிட்டது. ஆனால் கடைசி அறையில் 11 என்பது 9 ஆனதோடு நின்றது. ஏனென்றால் பாதையில் எது மிகக் குறுகலோ அதுதான் கடைசி வேகத்தைத் தீர்மானிக்கும், அந்த அறைக்கு எப்போதும் வைஃபைதான் குறுகல். அதாவது அந்த வீட்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குறைகள் ஒரே நேரத்தில் இருந்தன. கம்பெனி லைனை முழுசாகச் சரி செய்திருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. வைஃபையை மட்டும் சரி செய்திருந்தால் காலையில் பறக்கும், ராத்திரி 26க்கு மேல் போகாது. ஒரே ஒரு டெஸ்ட் போட்டிருந்தால் இரண்டில் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும். நான் பார்த்தவரை வடசென்னையில் நிறைய வீடுகளின் கதை இப்படி இரண்டும் கலந்ததுதான்.

ஸ்பீடு டெஸ்ட் வேகத்தைச் சொல்லும், வீடியோ வகுப்பு ஏன் திக்குகிறது என்பதை முழுசாகச் சொல்லாது. வகுப்புக்குப் பெரிய வேகம் தேவையில்லை, 3 அல்லது 4 எம்பிபிஎஸ் போதும், ஆனால் அது விட்டுப்போகாமல் வர வேண்டும். அதைப் பார்க்க பிங் என்ற கட்டளை இருக்கிறது, ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து `ipconfig` என்று அடித்தால் Default Gateway என்ற வரியில் ஒரு முகவரி தெரியும், அது உங்கள் ரவுட்டர். பல வீடுகளில் 192.168.1.1 என்று இருக்கும். அப்புறம் இரண்டு ஜன்னல் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரி:

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

முதல் வரி உங்கள் லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை மட்டும் போய்த் திரும்பும், வீட்டை விட்டு வெளியே போகாது. இரண்டாவது வரி அதே பாதையில் போய், லைன் வழியாக வெளியே கூகுளின் ஒரு சர்வர் வரை போய்த் திரும்பும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இடைஞ்சல் வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். நல்ல வைஃபையில் ரவுட்டருக்கான பதில் பெரும்பாலும் 10 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும், வயரில் என்றால் ஒன்றுக்கும் குறைவு. எப்போதாவது ஒரு பதில் தாவினால் பரவாயில்லை, சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும். ஆனால் 4, 6, 180, 5, 240, `Request timed out` என்று அடிக்கடி வந்தால் குறை வீட்டுக்குள். ரவுட்டருக்கான பதில் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் ஆடினால் குறை வெளியே.

அத்தை வீட்டில் கடைசி அறையிலிருந்து ரவுட்டருக்கே பிங் 200ஐத் தொட்டது, சில பதில்கள் வரவேயில்லை. ராத்திரி வயரில் போட்டபோது ரவுட்டருக்கு ஒரு மில்லி செகண்டுக்குள் வந்தது, 8.8.8.8க்கு மட்டும் காலையில் 12 ஆக இருந்தது 90, 150 என்று போனது. ஸ்பீடு டெஸ்ட் சொன்ன இரண்டு குறைகளையும் பிங் தனித்தனியாக உறுதி செய்துவிட்டது.

சரி, எல்லார் வீட்டிலும் லேன் துளை உள்ள லேப்டாப் இருக்காது. போன் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு, ஆனால் எந்த பேண்டில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு அளக்க வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசையில் பேசும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும், வேகம் கம்மி. 5 வேகமானது, இரண்டு சுவர் வந்தாலே தளர்ந்துவிடும். விலை குறைந்த போன்கள் 2.4இல் ரவுட்டரோடு செய்துகொள்ளும் இணைப்பின் உச்ச வேகமே பெரும்பாலும் 72 எம்பிபிஎஸ்தான், கையில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டி, நன்றாக இருந்தால் 45, 50. அந்த போனை ரவுட்டர் மேலேயே வைத்தாலும் 100 பிளானில் 100 வராது. இது தெரியாமல் கம்பெனியோடு சண்டை போடுகிறவர்கள் நிறைய. அதனால் போனில் அளப்பதாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்து (வைஃபை பெயரின் கடைசியில் பெரும்பாலும் 5G என்று இருக்கும்), ரவுட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில், நடுவில் எதுவும் இல்லாமல் நின்று அளந்தால், 100, 150 பிளான்களுக்கு அது வயர் டெஸ்டுக்கு ஏறக்குறைய சமம். 300க்கு மேல் உள்ள பிளானுக்கு வயர்தான் வேண்டும்.

வயரிலும் ஒரு பொறி இருக்கிறது. 200 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவருக்கு வயரில் எப்போது பார்த்தாலும் 94, 95 என்று அசையாமல் வந்தால் லைனைச் சந்தேகிக்க வேண்டாம். பாக்ஸின் லேன் துளையோ லேப்டாப்பின் துளையோ 100 வரைதான் பேசும் பழைய வகையாக இருக்கும், இல்லாவிட்டால் லேன் வயருக்குள் இருக்கும் எட்டு கம்பிகளில் ஒன்று அறுந்து, மீதியில் நான்கை மட்டும் வைத்து 100இல் ஓடிக்கொண்டிருக்கும். வயரை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே மாதிரி மாதக் கடைசியில் எந்த நேரம் அளந்தாலும் 2 அல்லது 4 என்று ஒரே எண்ணில் நின்றால், பிளானில் கொடுத்த டேட்டா அளவு முடிந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பழுது என்றால் எண் ஆடும், கட்டுப்படுத்தினால் எண் அப்படியே நிற்கும்.

வயரில் மெதுவாக இருந்தால் அது கட்டாயம் லைன்தானா, ரவுட்டரே பழுதாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஃபைபரை வாங்கும் பாக்ஸும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால், நடுவில் ரவுட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேராக ஃபைபர் பாக்ஸில் செருகி அளக்கலாம். பல இணைப்புகளில் அதற்கு யூசர்நேம், பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும், சிலர் குறிப்பிட்ட ரவுட்டருக்கு மட்டும் நெட் வருகிற மாதிரி பூட்டியும் வைத்திருப்பார்கள், அப்போது அவர்களைத்தான் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்து அதையும் அவர்களே கொடுத்திருந்தால், பெட்டியா லைனா என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை, இரண்டும் அவர்கள் பொறுப்பு. வயரில் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் காட்டினால் போதும்.

லைனில் குறை என்று தெரிந்த பிறகு அது எப்போதும் இருக்கிறதா, ராத்திரி மட்டுமா என்று பாருங்கள், இரண்டுக்கும் காரணம் வேறு. உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் தனியாக வருவதில்லை. பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரே ஃபைபரை வழியில் பிரித்து 32, 64 வீடுகளுக்குக் கொடுப்பார்கள், அத்தனை பேருக்கும் சேர்த்துக் கீழிறங்கும் வேகம் சுமார் 2500 எம்பிபிஎஸ். அதற்கு மேலே அந்த ஏரியா முழுவதற்கும் சேர்த்து ஒரு பெரிய பாதை இருக்கும், அதைப் போதுமான அளவுக்கு வாங்காமல் ஆட்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், எல்லாரும் வீட்டுக்கு வந்து உட்காரும் ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை நெரிசல். காலையில் 94, ராத்திரி 27 என்பது இதன் அடையாளம்.

ஃபைபர் வயரே பாதிக்கப்பட்டிருந்தால் கதை வேறு மாதிரி இருக்கும். கம்பத்திலும் மொட்டைமாடியிலும் கட்டி இழுத்து வந்த வயர் எங்கோ கூர்மையாக மடங்கியிருந்தால், ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தால், முனையில் அழுக்கு இருந்தால் வெளிச்சம் குறைந்து வரும். அப்போது நேரம் காலம் பார்க்காமல் பிங்கில் பதில்கள் காணாமல் போகும், நெட் விட்டுவிட்டு வரும், முழுசாக அறுந்தால் பாக்ஸில் LOS விளக்கு சிவப்பாகும். பாக்ஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் Rx Power என்று ஒரு எண் இருக்கும், அது வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு, மைனஸில்தான் வரும். -20 பக்கம் இருந்தால் நிம்மதி, -27 அல்லது அதற்கும் கீழே போனால் பாக்ஸ் வெளிச்சத்தைத் தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறது. அத்தை வீட்டில் -21 இருந்தது, ராத்திரியும் அதே -21. அதனால் வயரை மாற்றச் சொல்லிக் கேட்பதில் அர்த்தமில்லை, நெரிசலைத்தான் சொல்ல வேண்டும் என்று தெளிவாகிவிட்டது.

புகார் செய்தால் ஆள் அனுப்புவார்கள். அவர் காலை பதினோரு மணிக்கு வருவார், பாக்ஸ் பக்கத்தில் நின்று போனில் speedtest.net போடுவார், 95 என்று காட்டுவார். அதில் பொய் இல்லை, ஆனால் உங்கள் புகாருக்கு அது பதிலும் இல்லை. நேரம் வேறு என்பது ஒன்று. இன்னொன்று, அந்தத் தளம் தானாகவே கிட்டத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும், அது பல சமயம் அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும், அங்கே வரை பாதை நன்றாக இருந்தாலும் அதைத் தாண்டி நெரிசலாக இருக்கலாம். அதனால் நீங்கள் அளக்கும்போது ஒரு முறை சர்வரைக் கையால் மாற்றி, வேறு கம்பெனி பெயருள்ள ஒன்றில் போடுங்கள். கூடவே fast.com, அது நெட்ஃப்ளிக்ஸின் சர்வர்களிலிருந்து அளக்கும். சொந்த சர்வரில் 95, மற்ற இரண்டிலும் 20 என்றால் அவர்கள் வெளியே வாங்கும் பாதை போதவில்லை. மூன்றிலும் 27 என்றால் நெரிசல் உங்கள் தெருவுக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. எங்களுக்கு மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்தது.

புகாரை வாயால் சொல்லாமல் எழுதி அனுப்பி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அத்தைக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "100 எம்பிபிஎஸ் பிளான். லேன் வயரில், வேறு எந்தக் கருவியும் ஓடாதபோது எடுத்தது. காலை 7 மணி: 94. இரவு 9 மணி: 27. இரவில் ரவுட்டருக்கு பிங் 1க்குள், 8.8.8.8க்கு 90 முதல் 150. Rx Power இரண்டு வேளையும் -21. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். இரவு 9 மணிக்கு உங்கள் ஆள் வந்து அளக்கவும்." வைஃபை என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள், "உங்க வீட்டு வைஃபைதான்" என்ற பதிலுக்கு இடமே வைக்கவில்லை. அங்கே தீராவிட்டால் அதே புகார் எண்ணோடு அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒரு பிரிவு வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் குறையை நாம்தான் சரி செய்துகொள்ள வேண்டும். அந்தத் தெருவில் போனைத் திறந்தால் வைஃபை பட்டியலில் இருபது பெயருக்கு மேல் வரும், 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், அதனால் சேனல் மாற்றி அங்கே பெரிய லாபம் கிடைக்காது. ரிப்பீட்டர் வாங்கிச் செருகலாம் என்று கடைக்காரர் சொல்வார். விலை குறைந்த ரிப்பீட்டர் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், அதுவும் ஏற்கெனவே நொந்துபோன சிக்னலில் பாதி. அதைவிட நல்லது, வாசல் பாக்ஸின் லேன் துளையிலிருந்து சுவரோரமாக ஒரு லேன் வயரை உள்ளே இழுத்து, கடைசி அறைக்கு முன்னால் இன்னொரு சாதாரண ரவுட்டரை, வயரில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைப்பது. லேன் வயர் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும், எவ்வளவு நீண்ட வீடாக இருந்தாலும் அது போதும். அத்தை வீட்டில் இதைச் செய்தபின் கடைசி அறையில் காலையில் 88 வந்தது, ராத்திரி 26, எதிர்பார்த்தபடியே. லைன் விஷயத்தில் இரண்டாவது புகாருக்குப் பிறகுதான் ராத்திரி ஆள் வந்து வயரில் அளந்து பார்த்தார், அடுத்த வாரம் அந்தத் தெருவில் சில வீடுகளை வேறு போர்ட்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள், இப்போது ஒன்பது மணிக்கு வயரில் 80க்குக் கீழே போவதில்லை.